முப்பத்தைந்து டாலர் குறைகிறது
அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பெற்றோர்களுக்கு ஒரு திறந்த மடல்



பிள்ளையை வெளிநாட்டில் படிக்க அனுப்பியிருக்கும் வீடுகள் இன்று இந்தப் பக்கத்தில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவர் வீட்டிலும், ஆவடி டாங்கி தொழிற்சாலையில் பணி ஓய்வுபெற்றவர் வீட்டிலும், பூந்தமல்லியில் மளிகைக் கடை நடத்துபவர் வீட்டிலும் இருக்கிறார்கள். பி.எஃப். முன்பணம், நகைக் கடன், மனை விற்ற பணம், வங்கிக் கடன் எல்லாம் ஒன்றாகத் திரண்டு, செமஸ்டருக்கு ஒரு முறை ஒரே நாளில் கடல் தாண்டிப் போகிறது. அப்படிப் போகும் பணத்தில் ஒரு சிறு துண்டு வழியில் காணாமல் போவதைப் பற்றியது இந்த மடல். தொகை சிறியதுதான். அதனால் விளையும் அலைச்சல் சிறியதல்ல.

நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். வங்கியில் கையெழுத்துப் போட்டு, கணக்கில் ரூபாய் பற்று வைக்கப்பட்டு, 'பணம் போய்விட்டது சார்' என்ற செய்தியும் வந்துவிடும். இரண்டு மூன்று நாள் கழித்து, நடு இரவில் பிள்ளையிடமிருந்து வாட்ஸ்அப் அழைப்பு. 'அப்பா, காலேஜ் போர்ட்டலில் 35 டாலர் பாக்கின்னு காட்டுது. ஹோல்டு போட்டிருக்காங்க. கோர்ஸ் ரிஜிஸ்டர் பண்ண முடியல.' மறுநாள் காலை தந்தை வங்கிக்கு ஓடுகிறார். வங்கியில் இருப்பவர் கணினியைப் பார்த்துவிட்டு, 'நாங்க முழுசாத்தான் அனுப்பியிருக்கோம்' என்கிறார். பல்கலைக்கழகம், 'எங்களுக்கு இவ்வளவுதான் வந்தது' என்கிறது. இரண்டு பேர் சொல்வதும் உண்மை. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

பணம் எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்தால் அந்தக் குழப்பம் பாதி தீரும்.

சி.டி.எச். சாலையில் உள்ள ஒரு கிளையில் ஃபார்ம் ஏ2 கொடுத்தால், அந்தக் கிளையே நேராக அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுவதில்லை. பெரும்பாலான கிளைகளுக்கு அந்நியச் செலாவணியைக் கையாளும் வசதி கிடையாது. அவை காகிதங்களை ஸ்கேன் செய்து தங்கள் வங்கியின் ஃபாரக்ஸ் பிரிவுக்கு அனுப்புகின்றன. அங்கிருந்துதான் ஸ்விஃப்ட் செய்தி புறப்படுகிறது. ஸ்விஃப்ட் என்பது பணத்தைச் சுமந்து செல்லும் வண்டி அல்ல. 1973இல் பெல்ஜியத்தில் வங்கிகள் சேர்ந்து தொடங்கிய தகவல் பரிமாற்ற அமைப்பு அது. 'இவர் கணக்கில் இவ்வளவு வரவு வை' என்ற உத்தரவு மட்டுமே அதன் வழியே போகும்.

டாலர் ஏற்கெனவே அமெரிக்காவில்தான் இருக்கிறது. நம் ஊர் வங்கிகள் பெரும்பாலும் நியூயார்க்கில் ஏதாவது ஒரு பெரிய வங்கியில் டாலர் கணக்கு வைத்திருக்கும். அதற்கு நாஸ்ட்ரோ கணக்கு என்று பெயர். உத்தரவு போனதும் அந்த நியூயார்க் வங்கி நாஸ்ட்ரோவிலிருந்து டாலரைக் கழித்து, பல்கலைக்கழகம் கணக்கு வைத்திருக்கும் வங்கிக்கு அனுப்புகிறது. பல்கலைக்கழகமும் அதே நியூயார்க் வங்கியில் கணக்கு வைத்திருந்தால் வேலை அங்கேயே முடியும். வேறு வங்கியாக இருந்தால் இன்னொரு கை மாறும். பல்கலைக்கழகத்தின் வங்கி சிறியதாக இருந்தால் நடுவில் மூன்றாவது வங்கி ஒன்றும் வந்து சேரலாம். ஒவ்வொரு கையும் தன் வேலைக்குக் கூலி எடுத்துக்கொள்ளும். அந்தக் கூலியை யாரிடம் வாங்குவது என்பதைத் தீர்மானிப்பது செய்தியில் இருக்கும் ஒரே ஒரு கட்டம்.

அந்தக் கட்டத்தின் எண் 71A. அதில் மூன்று எழுத்துகள்தான் வரும். OUR என்றால் எல்லாக் கட்டணமும் அனுப்புபவருடையது. SHA என்றால் பங்கு: நம் ஊர் வங்கியின் கட்டணத்தை நாம் கொடுப்போம், அதற்கு அப்பால் ஆகிற செலவெல்லாம் போகிற பணத்திலிருந்தே பிடிக்கப்படும். BEN என்றால் மொத்தச் செலவும் பெறுபவர் தலையில். ஏ2 படிவத்தோடு வங்கி தரும் விண்ணப்பத்தில் 'வெளிநாட்டு வங்கிக் கட்டணம் யாருடையது' என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். பலர் அதைக் கவனிப்பதில்லை. கட்டத்தைக் காலியாக விட்டால் பெரும்பாலும் SHA என்றே போகும். அந்த 35 டாலர் களவு போகவில்லை, தவறாகவும் பிடிக்கப்படவில்லை. கேட்காமல் விட்ட ஒரு கேள்விக்குப் பதிலாக, விதிப்படியே பிடிக்கப்பட்டது.

கணக்கை ஒரு முறை முழுமையாகப் போட்டுப் பார்த்தால் நன்றாக விளங்கும். ஆவடியில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். 2025 ஆகஸ்ட் தொடக்கத்தில், மகளின் முதல் செமஸ்டருக்காக, சொந்தச் சேமிப்பிலிருந்து 12,400 டாலர் அனுப்புகிறார்கள். அந்த நிதியாண்டில் அதுதான் அவர்கள் வெளிநாட்டுக்கு அனுப்பும் முதல் பணம். வங்கி கொடுத்த விலை டாலருக்கு 87 ரூபாய் 50 காசு. பெருக்கினால் 10,85,000 ரூபாய்.

இதன்மேல் இங்கேயே மூன்று பிடித்தங்கள். பணமாற்றுச் சேவைக்கான ஜி.எஸ்.டி. முதலாவது. அது மொத்தத் தொகைமேல் விழுவதில்லை. பத்து லட்சத்துக்கு மேல் போனால், 5,500 ரூபாயோடு மிகுதித் தொகையில் ஆயிரத்துக்கு ஒரு ரூபாய் சேர்த்து, வரும் தொகையில் 18 சதவீதம். இந்தக் கணக்கில் 5,585 ரூபாய்க்கு 18 சதவீதம், அதாவது 1,005 ரூபாய் 30 காசு. இரண்டாவது டி.சி.எஸ். 2025 ஏப்ரல் 1 முதல் ஒரு நிதியாண்டில் பத்து லட்சம் வரை அது கிடையாது. மீதி 85,000 ரூபாய்க்கு அந்த ஆண்டின் விகிதப்படி 5 சதவீதம், 4,250 ரூபாய். இது வருமான வரிக் கணக்கில் திரும்பி வரும் பணம். மூன்றாவது வங்கியின் அனுப்புக் கட்டணம். ஆயிரம் ரூபாய் என்று வைத்தால் வரியோடு 1,180. ஆக, கணக்கிலிருந்து போனது 10,91,435 ரூபாய் 30 காசு.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்த மூன்று பிடித்தங்களுக்கும் 35 டாலருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இவை டாலர் தொகைக்கு மேலே, ரூபாயில், இங்கேயே வாங்கப்பட்டவை. இவற்றைக் கட்டியும் 12,400 டாலர் குறையாமல்தான் புறப்பட்டது. 'அதான் ஜி.எஸ்.டி., டி.சி.எஸ். எல்லாம் பிடிச்சிட்டீங்களே, அப்புறமும் ஏன் குறையுது?' என்று கவுன்டரில் சண்டை போடுபவர்கள் நிறையப் பேர். இரண்டும் வேறு வேறு இடத்தில், வேறு வேறு கை எடுப்பது என்று அங்கே யாரும் பொறுமையாக எடுத்துச் சொல்வதில்லை.

இனி வழிக்கு வருவோம். புறப்படும்போது வங்கி தரும் ஸ்விஃப்ட் காப்பியில் இப்படிச் சில வரிகள் இருக்கும்.

```
:32A:250804USD12400,00
:33B:USD12400,00
:70:EDUCATION FEES
:71A:SHA
```

32A என்பது ஒரு வங்கி அடுத்த வங்கிக்குக் கொடுக்கும் தொகை. முன்னால் உள்ள ஆறு இலக்கம் தேதி. 33B நாம் அனுப்பச் சொன்ன தொகை. நம் கைக்கு வரும் காப்பியில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும், ஏனென்றால் அது புறப்பாட்டின்போது எடுத்த படம். நியூயார்க் வங்கி தன் கூலியாக 20 டாலர் எடுத்துக்கொண்டது என்றால், அது எழுதும் அடுத்த செய்தியில் நாம் அனுப்பச் சொன்ன தொகை 12,400 ஆகவே இருக்கும். கை மாறும் தொகை மட்டும் 12,380 ஆகும், பிடித்த 20 டாலர் தனியாகக் குறிக்கப்படும். கடைசியாகப் பல்கலைக்கழகத்தின் வங்கி, உள்ளே வரும் வயருக்கான கட்டணம் என்று 15 டாலர் எடுக்கிறது. அது எந்தச் செய்தியிலும் வராது. அந்த வங்கிக் கணக்கின் ஸ்டேட்மென்ட்டில் மட்டும் தெரியும். பல்கலைக்கழகம் மாணவியின் பெயரில் வரவு வைப்பது 12,365.

ஆகவே 'நாங்கள் முழுதாக அனுப்பினோம்' என்று நம் வங்கி காட்டும் காப்பி பொய்யில்லை. அந்தக் காகிதத்தில் பார்க்க வேண்டியது தொகையை அல்ல, கடைசி வரியை. அங்கே SHA என்று இருந்தால் குறையத்தான் போகிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும். பிள்ளை நள்ளிரவில் அழைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

2025 நவம்பர் 22க்குப் பிறகு நாடு விட்டு நாடு போகும் பண உத்தரவுகள் புதிய வடிவத்துக்கு மாறிவிட்டன. சில வங்கிகள் இன்னும் பழைய கட்ட எண்களோடு காப்பி அச்சடித்துத் தருகின்றன. புதிய வடிவில் கிடைத்தால் ChrgBr என்ற சொல்லைத் தேட வேண்டும். அதற்கு எதிரே DEBT என்று இருந்தால் பழைய OUR, SHAR என்று இருந்தால் பழைய SHA, CRED என்றால் BEN. பெயர்தான் மாறியிருக்கிறது. பிடித்தம் மாறவில்லை.

இப்போது அந்த 35 டாலரைக் கட்ட வேண்டும். இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் இரண்டாவது முறை அடி வாங்குகின்றன. பதற்றத்தில் அதே வங்கிக்குப் போய், '35 டாலர் அனுப்புங்க' என்று இன்னொரு ஏ2 படிவம் நிரப்புகிறார்கள். விலை முன்போலவே என்றால் 3,062 ரூபாய் 50 காசு. அதற்கு அனுப்புக் கட்டணம் மீண்டும் 1,180. பணமாற்று ஜி.எஸ்.டி. குறைந்தபட்சம் 45 ரூபாய். பத்து லட்சத்தை ஏற்கெனவே தாண்டிவிட்டதால் டி.சி.எஸ். 153 ரூபாய். எல்லாம் சேர்த்து நாலாயிரத்து நானூறு ரூபாய்க்கு மேல். அந்தப் பணம் அதே வழியில், அதே SHA எழுத்தோடு போகிறது. நியூயார்க்கில் 20, கடைசி வங்கியில் 15. போய்ச் சேருவது பூஜ்யம். போர்ட்டலில் 35 டாலர் பாக்கி அப்படியே நிற்கும்.

சின்னப் பாக்கியை வயரில் அனுப்பவே கூடாது. பல்கலைக்கழகப் போர்ட்டலில் கார்டு வழியாகக் கட்டும் வசதி இருந்தால் பிள்ளை தன் அங்குள்ள கணக்கிலிருந்தோ டெபிட் கார்டிலிருந்தோ கட்டிவிடலாம். கார்டுக்கு இரண்டு மூன்று சதவீதம் கூடுதல் கேட்டாலும் 35 டாலரில் அது ஒரு டாலர்தான். அது முடியாவிட்டால் மாணவர் கணக்குப் பிரிவுக்கு எழுதி, பாக்கியை அடுத்த செமஸ்டர் கட்டணத்தோடு சேர்த்துக்கொள்ளச் சொல்லலாம். கேட்டால் ஒப்புக்கொள்ளும் அலுவலகங்கள் உண்டு. பிடித்தம் என்பது அவர்கள் தினமும் பார்க்கும் சங்கதி.

அப்படி எழுதும்போது ஸ்விஃப்ட் காப்பியை இணைக்க வேண்டும். தாமதக் கட்டணம் போட்டிருந்தால் இன்னொரு வாதமும் கைவசம் இருக்கிறது. அமெரிக்க மாநிலங்கள் ஏற்றுக்கொண்டுள்ள சீரான வணிகச் சட்டத் தொகுப்பில், வங்கி வழிப் பணமாற்றத்துக்கென்று உள்ள பகுதி 4A. அதன் 406ஆம் பிரிவு இப்படிப் போகிறது: வழியிலுள்ள வங்கிகள் தங்கள் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டதால் மட்டுமே தொகை குறைந்திருந்தால், அனுப்பியவர் உத்தரவிட்ட முழுத் தொகையும் கொடுக்கப்பட்டதாகவே கொள்ள வேண்டும். பெற்றவர் அந்தக் குறையைக் கேட்டு, அனுப்பியவர் கொடுக்காமல் விட்டால் மட்டும் அந்தச் சலுகை போய்விடும். கேட்டதும் குறையைக் கட்டிவிட்ட பெற்றோர், கெடு தேதிக்குள் அனுப்பியதற்கு ஆதாரமும் காட்டினால், தாமதக் கட்டணத்தை நீக்கச் சொல்லி நிமிர்ந்து கேட்கலாம். பல்கலைக்கழகத்தின் சொந்த விதிகளில் வேறு மாதிரி இருந்தால் அதையும் பார்க்க வேண்டியதுதான். ஆனாலும் கேட்பது பிச்சையில்லை.

குறைவு சிறியதாக இருந்தும் விளைவு பெரிதாகும் இடங்கள் உண்டு. பிரிட்டன் அதில் முக்கியமானது. அங்கே பல்கலைக்கழகம் சி.ஏ.எஸ். என்ற ஆவணம் கொடுத்த பிறகே விசாவுக்கு விண்ணப்பிக்க முடியும். கட்டணத்தில் எவ்வளவு கட்டியாகிவிட்டது என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். ஆண்டுக் கட்டணம் 18,000 பவுண்டு, முன்பணம் 5,000 அனுப்பினோம், போய்ச் சேர்ந்தது 4,985 என்று வைத்துக்கொள்ளுங்கள். சி.ஏ.எஸ்.இல் 4,985 என்றே பதிவாகலாம். இனி வங்கிக் கணக்கில் காட்ட வேண்டிய மீதிக் கட்டணம் 13,000 அல்ல, 13,015. இதோடு வாழ்க்கைச் செலவுக்கான தொகையும் சேர்ந்து, தொடர்ச்சியாக 28 நாள் கணக்கில் குறையாமல் இருந்திருக்க வேண்டும். ஒரு நாள்கூட அதற்குக் கீழே இறங்கக் கூடாது. கணக்குப் போட்டு அச்சாகப் பணம் வைத்திருந்த குடும்பத்துக்கு அந்த 15 பவுண்டு விசாவையே ஆட்டிவிடும். சி.ஏ.எஸ். வந்ததும் அதிலுள்ள எண்ணை ஸ்விஃப்ட் காப்பியோடு வைத்துப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. விண்ணப்பம் போட்ட பிறகு பார்த்துப் பயனில்லை.

ஜெர்மனியும் அப்படித்தான். அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் குறைவு, ஆனால் முடக்கக் கணக்கில் ஓர் ஆண்டுச் செலவைப் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அது மாதம் 992 யூரோ வீதம் 11,904 யூரோ. சரியாக 11,904 மட்டும் அனுப்பி, வழியில் இருபது யூரோ குறைந்தால் கணக்கு நிறையாது. நிறையாமல் தூதரகத்துக்குக் காட்டும் உறுதிச் சான்று வராது. விசா நேர்காணல் தேதி மட்டும் நெருங்கிக்கொண்டே இருக்கும். இங்கே கொஞ்சம் கூடுதலாக அனுப்பி வைப்பதே நல்லது. அந்த மிகுதி பிள்ளையின் கணக்கில்தான் இருக்கும்.

கூடுதலாக அனுப்புவது எல்லா இடத்துக்கும் சரியான தீர்வா? அமெரிக்கப் பல்கலைக்கழகக் கட்டணத்துக்கு அதுவும் ஒரு வழி. 50 டாலர் சேர்த்து அனுப்பினால் மிச்சம் பிள்ளையின் கட்டணக் கணக்கில் வரவாக நிற்கும். ஆனால் அது கண்ணை மூடிக்கொண்டு சுடுவது மாதிரி. இன்னொரு தவறும் இங்கே நடக்கிறது. பல்கலைக்கழகம் பவுண்டில் கேட்டிருக்கும்போது, 'டாலர்தானே உலகம் முழுக்கச் செல்லும்' என்று டாலரில் அனுப்பிவிடுகிறார்கள். அந்த டாலர் பிரிட்டனில் உள்ள வங்கியில் பவுண்டாக மாற்றப்படும்போது, அங்கே கிடைக்கும் விலையில் நூறு, இருநூறு பவுண்டுகூடக் குறையலாம். அது இடைவங்கிப் பிடித்தம் அல்ல, நாமே தேடிக்கொண்ட இழப்பு. ரசீது எந்த நாணயத்தில் இருக்கிறதோ அதே நாணயத்தில் அனுப்ப வேண்டும்.

சரி, OUR என்று எழுதிவிட்டால் கவலை தீர்ந்ததா? பவுண்டு, யூரோ அனுப்பும்போது பெரும்பாலும் தீரும். டாலரில் முழுக்கத் தீராது என்பதையும் சொல்லியாக வேண்டும். OUR செய்தியில் வழியிலுள்ள வங்கி போகிற பணத்தில் கை வைக்கக் கூடாது. தன் கூலியை அனுப்பிய வங்கியிடம் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் அமெரிக்காவுக்குள் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குப் போகும் கடைசிக் கட்டத்தில் இந்தக் குறிப்பு மதிக்கப்படாமல் போவதுண்டு. பெறும் வங்கி தன் வாடிக்கையாளரிடம் வாங்கும் உள்வரவுக் கட்டணத்தையும் OUR எப்போதும் தடுக்காது. இதற்காகவே நியூயார்க்கின் பெரிய வங்கிகள், முன்கூட்டியே ஒரு நிலையான கட்டணம் வாங்கிக்கொண்டு முழுத் தொகையையும் சேர்ப்பிக்கும் ஏற்பாட்டை மற்ற நாட்டு வங்கிகளுக்கு வைத்திருக்கின்றன. நம் வங்கிகள் பலவற்றில் அது 'ஃபுல் வேல்யூ' என்ற பெயரில் கிடைக்கிறது. கிளையில் இருப்பவருக்கே அந்தப் பெயர் தெரியாமல் இருக்கலாம். ஃபாரக்ஸ் பிரிவில் இருப்பவருக்குத் தெரியும். 'டாலருக்கு OUR போட்டாலும் வழியில் பிடிப்பாங்களா, ஃபுல் வேல்யூ வசதி இருக்கா?' என்று அவரிடம் கேட்கச் சொல்லிக் கிளையை வற்புறுத்த வேண்டும்.

இந்த அவதியிலிருந்து ஒரு நிறுவனமே பிறந்திருக்கிறது. ஸ்பெயினிலிருந்து அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்குப் படிக்கப் போன இக்கெர் மார்காய்டே என்பவர், தன் நாட்டிலிருந்து கட்டணம் கட்டுவதில் பட்ட சிரமத்தால் 2009இல் பாஸ்டனில் பியர்டிரான்ஸ்ஃபர் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அதுதான் பின்னர் ஃபிளைவயர் என்று பெயர் மாறி, 2021இல் நாஸ்டாக் பங்குச் சந்தையில் நுழைந்தது. பல பல்கலைக்கழகப் போர்ட்டல்களில் 'இன்டர்நேஷனல் பேமென்ட்' என்ற பொத்தானை அழுத்தினால் இதுவோ இது போன்ற வேறொரு நிறுவனமோதான் வரும். நாம் ரூபாய்த் தொகையைக் கட்டுகிறோம், பல்கலைக்கழகம் கேட்ட டாலர் தொகை குறையாமல் மாணவர் எண்ணோடு போய்ச் சேருகிறது. இடைவங்கிப் பிடித்தத்துக்கு இது உண்மையான மருந்து. ஆனால் கூலி இல்லாமல் இல்லை. அவர்கள் சொல்லும் ரூபாய் விலைக்குள்ளேயே அது ஒளிந்திருக்கும். அன்றைக்கு அவர்கள் கேட்கும் மொத்த ரூபாயையும், நம் வங்கி OUR கட்டணத்தோடு கேட்கும் மொத்த ரூபாயையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். 12,400 டாலரில், டாலருக்கு 50 காசு வித்தியாசம் என்றால் 6,200 ரூபாய். 35 டாலரை மிச்சம் பிடிக்கப் போய் அதைவிட இரண்டு மடங்கு கொடுத்துவிடக் கூடாது. சில நாள் வங்கி மலிவாக இருக்கும், சில நாள் அவர்கள் மலிவாக இருப்பார்கள். ஏ2 படிவம், டி.சி.எஸ். எல்லாம் அந்த வழியிலும் உண்டு.

கல்விக் கடனில் போகும் பணத்துக்கு இன்னும் கூடுதல் கவனம் தேவை. அங்கே படிவத்தை நிரப்புவது கடன் பிரிவு அலுவலர். பெற்றோர் பென்சிலில் போட்ட குறியீடுகளுக்கு நேரே கையெழுத்து மட்டும் போடுகிறார். கட்டணம் யாருடையது என்ற கேள்வியே அவர் கண்ணில் படுவதில்லை. வழியில் குறைந்த தொகையைக் கடனிலிருந்து மறுபடி விடுவிக்கச் சொன்னால், ரசீதில் உள்ள தொகையை ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்பார்கள். அது கைப் பணத்தில்தான் முடியும். கடன் தொகையை விடுவிக்கக் கேட்டுக் கொடுக்கும் கடிதத்திலேயே 'வெளிநாட்டு வங்கிக் கட்டணம் முழுவதும் எங்கள் கணக்கில், OUR' என்று ஒரு வரி எழுதி, நகலில் கிளையின் முத்திரை வாங்கி வைத்துக்கொண்டால் போதும்.

அந்த நகல் பின்னால் ஒரு சந்தர்ப்பத்தில் உதவும். OUR என்று எழுதிக் கொடுத்து, வெளிநாட்டு வங்கிக் கட்டணத்தையும் வங்கி ரூபாயில் வாங்கிக்கொண்டு, ஸ்விஃப்ட் காப்பியில் மட்டும் SHA என்று போயிருந்தால் அது வங்கியின் பிழை. காப்பியை எடுத்துப் பார்க்காதவரை அது வெளியே தெரியாது. அப்போது முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ பதில் திருப்தியாக இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். முத்திரை போட்ட விண்ணப்ப நகல், கட்டணம் பற்று வைத்த ஸ்டேட்மென்ட், ஸ்விஃப்ட் காப்பி ஆகிய மூன்றும் இருந்தால் அந்தப் புகாருக்கு வேறு சாட்சி தேவையில்லை.

SHA, OUR எதுவாக இருந்தாலும், எங்கே எவ்வளவு பிடிக்கப்பட்டது என்று தெரியாது என வங்கி சொன்னால், UETR எண்ணைக் கேளுங்கள். எழுத்தும் எண்ணும் சிறு கோடுகளும் கலந்து 36 இடங்கள் கொண்ட அடையாள எண் அது. 2018 நவம்பர் முதல் ஸ்விஃப்ட் வழியாகப் போகும் ஒவ்வொரு பண உத்தரவுக்கும் அது கட்டாயம். அதைக் கொண்டு அனுப்பிய வங்கி தன் கணினியிலேயே பணம் எந்த எந்த வங்கியில் நின்றது, எப்போது கடந்தது, பெரும்பாலும் யார் எவ்வளவு எடுத்தார்கள் என்பதையும் பார்க்க முடியும். பணம் குறைந்து வந்தால் மட்டுமல்ல, வரவே இல்லை என்று பல்கலைக்கழகம் சொன்னாலும் இந்த எண்தான் துணை. வரவில்லை என்று சொல்லப்படும் பணம் சில நேரம் வந்தே இருக்கும், யாருடையது என்று தெரியாமல் பொதுக் கணக்கில் கிடக்கும். மேலே காட்டிய காப்பியில் 70ஆம் கட்டத்தில் வெறும் EDUCATION FEES என்று இருந்ததைக் கவனித்திருப்பீர்கள். அந்தக் கட்டத்தில் வரிக்கு 35 எழுத்து வீதம் நான்கு வரி இடம் இருக்கிறது. முதல் வரியிலேயே மாணவரின் அடையாள எண்ணும் பெயரும் வர வேண்டும்.

ஜனவரி செமஸ்டருக்கான கட்டண ரசீதுகள் பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில் வந்துவிடும். அதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். கடந்த முறை பணம் அனுப்பியபோது வங்கி கொடுத்த ஸ்விஃப்ட் காப்பியை அலமாரியிலிருந்து எடுங்கள். கொடுக்கவில்லை என்றால் கிளைக்குப் போய்க் கேளுங்கள், அது உங்களுக்குச் சேர வேண்டிய காகிதம். அதில் 71A-க்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். SHA என்று இருந்தால், அடுத்த ஏ2 படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் பேனாவை மூடி வைத்துவிட்டு, அந்தக் கட்டத்தை OUR என்று மாற்றச் சொல்லுங்கள்.